பார்க்குவார் பேசாத வசனம்: மலாக்கா கோட்டைக் காட்சியை நாடகமாக்கும்போது

மேடையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி குதிரையில் வருகிறார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு பத்து வயதுப் பையன் ஒருவன் ஓடி வந்து, குதிரைக்கு முன்னால் இரு கைகளையும் விரித்து நிற்கிறான். “நிறுத்துங்கள் கர்னல் பார்க்குவார்! இது எங்கள் மண்ணின் மானம்! என் உயிர் உள்ளவரை இந்தக் கோட்டையை இடிக்க விடமாட்டேன்!” அதிகாரி உரக்கச் சிரிக்கிறார். “முன்ஷி அப்துல்லா, உங்கள் மானத்தை டைனமைட்டால் தூள் தூளாக்குகிறேன் பார்!” என்று சொல்லி, தீக்குச்சியைக் கிழித்துத் திரியில் வைக்கிறார். அவையில் கைத்தட்டல் அடங்கச் சற்று நேரம் ஆனது.

இது இடைநிலைப்பள்ளி மாணவர்கள் எழுதி நடித்த ஒரு வரலாற்று நாடகத்தின் உச்சக் காட்சி. நாடகப் படி பிறகு என் கைக்கு வந்தது. முதல் பக்கத்தில் “ஹிக்காயாட் அப்துல்லாவைத் தழுவியது” என்று எழுதியிருந்தார்கள். நானும் கைதட்டியவன்தான். ஆனால் படியையும் மூல நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது சங்கடமாகிவிட்டது. மேலே சொன்ன உரையாடலில் ஒரு வரிகூட மூலத்தில் இல்லை. அதைவிட வருத்தம், மூலத்தில் உள்ள காட்சி இதைவிட நல்ல நாடகம். அது மேடைக்கு வரவே இல்லை.

மாணவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களுடைய படியில் ஓர் அருமையான இடமும் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். எங்கே வழுக்கியது, எப்படிச் சரிசெய்யலாம் என்று பார்ப்பதுதான் நோக்கம். தேர்வுக்கு உரையாடல் எழுதிப் பழகும் மாணவர்களுக்கும் இது உதவும்.

மூலத்தில் என்ன இருக்கிறது?

அப்துல்லா பின் அப்துல் காதிர் மலாக்காவில் 1797 வாக்கில் பிறந்தவர். அவருடைய முன்னோர் ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து, அங்கே மணமுடித்த வழியினர். 1807இல் பிரிட்டிஷார் மலாக்கா கோட்டையை இடித்தபோது அவருக்கு ஏறத்தாழப் பத்து வயது. ஆனால் அந்தச் செய்தியை அவர் எழுதியது 1840களில். நூலை 1843இல் முடித்தார்; அது 1849இல் அச்சானது. அதாவது நாம் படிப்பது பத்து வயதுச் சிறுவனின் நாட்குறிப்பு அல்ல. நாற்பதைக் கடந்த ஒருவர் தம் பிள்ளைப் பருவத்தைத் திரும்பிப் பார்த்து எழுதியது. நாடகம் எழுதும்போது இந்த இடைவெளியை மறக்கக் கூடாது.

அவர் சொல்லும் நிகழ்ச்சியின் சுருக்கம் இதுதான். கோட்டையை உடைக்கவே முடியாது என்பது ஊராரின் எண்ணம். உள்ளே பேய் பிசாசுகள் குடியிருப்பதாகவும் நம்பினார்கள். கூலியாட்களை வைத்து இடிக்கத் தொடங்கியபோது வேலை எளிதில் நகரவில்லை. ஆட்கள் விழுந்தார்கள், நோயில் படுத்தார்கள், இறந்தவர்களும் உண்டு. அதனால் பயம் இன்னும் ஏறியது. பிறகு வெடிமருந்து வைக்கிறார்கள். பார்க்குவார் குதிரையில் வருகிறார். கையில் எரிகிற திரி. கோட்டைமேல் இருப்பவர்களை விலக்கச் சொல்லி ஆள் அனுப்புகிறார். நெருப்பு வைத்ததும் குதிரையைத் தட்டிவிட்டு அப்பால் போய்விடுகிறார். சுமார் பத்து நிமிடம் கழித்து இடிபோல முழக்கம். யானை அளவுக் கற்களும், வீட்டளவுக் கற்களும் எழும்பிக் கடலில் விழுகின்றன. பார்த்தவர்கள் ஆங்கிலேயரின் திறமையை வியக்கிறார்கள். அதே நேரத்தில், இவ்வளவு அழகான கட்டடம் நொடியில் போயிற்றே என்று தலையை ஆட்டி வருந்துகிறார்கள்.

இந்தப் பகுதியில் எந்தச் சிறுவனும் குதிரையை மறிக்கவில்லை. அப்துல்லா தம்மைக் கதாநாயகனாக வைத்துக்கொள்ளவே இல்லை. மாணவர்கள் மூலத்தைப் படிக்காமல், யாரோ எழுதிய ஒரு பத்திச் சுருக்கத்தை வைத்து நாடகம் எழுதியிருக்கிறார்கள் என்பது என் ஊகம். மலாய் மூலம் கடினமாக இருந்தால் ஏ. எச். ஹில் 1955இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. இந்த நிகழ்ச்சி அதில் சில பக்கங்கள்தான். ஆசிரியர் ஒரு பாட வேளையில் கூடவே உட்கார்ந்து படிக்க வைத்துவிடலாம்.

மூன்று வகை வசனம்

நான் வகுப்பில் செய்வதைச் சொல்கிறேன். நாடகப் படியின் ஓரத்தில் ஒவ்வொரு வசனத்துக்கும் ஓர் எழுத்துப் போடச் சொல்வேன். மூலத்தில் பேச்சாகவே இருந்தால் ‘மூ’. மூலத்தில் செயலாகவோ கருத்தாகவோ இருப்பதை நாம் பேச்சாக மாற்றியிருந்தால் ‘ஊ’, அதாவது ஊகம். மூலம் பேசாமல் இருக்கும் இடத்தை நாமே நிரப்பியிருந்தால் ‘க’, கற்பனை.

கற்பனை தவறில்லை. அது இல்லாமல் நாடகமே எழுத முடியாது. கேள்வி, அதை யார் வாயில் வைக்கிறோம் என்பதுதான். வரலாற்றில் வாழ்ந்த, பெயர் தெரிந்த மனிதர்களுக்கு ‘மூ’, ‘ஊ’ இரண்டு மட்டும் கொடுங்கள். ‘க’ வகை வசனத்தைப் பெயரில்லாத கூலியாள், வேடிக்கை பார்க்க வந்த பெண், காவலன் ஆகியோருக்குக் கொடுங்கள். அப்படிப்பட்டவர்கள் அங்கே இருந்திருப்பார்கள், ஏதோ பேசியிருப்பார்கள். அவர்கள் வாயில் ஒரு வரி வைத்தால் யார் மீதும் பொய் சாட்டியதாக ஆகாது.

இந்த அளவுகோலில் மாணவர் நாடகத்தை வைத்துப் பாருங்கள். பார்க்குவாருக்கு மட்டும் பதினான்கு வசனம், பதினான்கும் ‘க’. அதிலும் எல்லாமே வில்லன் பேச்சு. உண்மையில் 1795இல் டச்சுக்காரரிடமிருந்து மலாக்காவை வாங்கிய பிரிட்டிஷார், ஒருநாள் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும் என்று எதிர்பார்த்தார்கள். அப்போது கோட்டை டச்சுக்காரர் கையில் பலமாக நிற்கக் கூடாது என்பதே இடிப்பின் காரணம். பார்க்குவார் மேலிடத்தின் உத்தரவை நிறைவேற்றிய அதிகாரி. அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் “உங்கள் மானத்தைத் தூளாக்குகிறேன்” என்று அவர் சொன்னதாக ஒரு தலைமுறை மாணவர்கள் நினைத்துக்கொண்டு போனால், அந்தத் தவறு நம்முடையது. நாடகத்தில் பார்த்தது பாடநூலில் படித்ததைவிட நீண்ட நாள் மனதில் நிற்கும். பயமே அதுதான்.

மூலத்தில் பார்க்குவார் செய்வதெல்லாம் வருவது, ஆட்களை விலக்கச் சொல்வது, நெருப்பு வைப்பது, போவது. அப்படியே விட்டுவிட்டால் என்ன? எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும் மேடையில் ஒருவர் மட்டும் பேசாமல் வந்து, வேலையை முடித்துவிட்டுப் போகிறார். பதினான்கு வசனம் ஏற்படுத்தாத அச்சத்தை அந்த மௌனம் ஏற்படுத்தும்.

பாடநூல் பேசும் கூலியாட்கள்

இரண்டாவது குறை, நம்முடைய வரலாற்று நாடகங்கள் பலவற்றில் பார்ப்பது. மாணவர் படியிலிருந்து:

கூலியாள் 1: நண்பா, 1511ஆம் ஆண்டு மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் கட்டிய ஆ ஃபமோசா கோட்டையை இடிக்க நாம் ஏன் பணிக்கப்பட்டுள்ளோம்?
கூலியாள் 2: ஐரோப்பியப் போரின் விளைவாக ஆங்கிலேயர் இதனை டச்சுக்காரரிடமிருந்து பெற்றனர் அல்லவா? ஆகவே பாதுகாப்புக் காரணங்களுக்காக இடிக்கின்றனர்.

தகவல் சரி. ஆனால் இது இரண்டு பேர் பேசுவது அல்ல. ஒரு பாடநூல் இரண்டாகக் கிழிந்து பேசுவது. கடப்பாரை பிடித்த கை இருவருக்கும் எங்கே? வெயில் எங்கே? ஒருவருக்கு ஏற்கனவே தெரிந்ததை இன்னொருவர் சொன்னால் அது பார்வையாளருக்காகச் சொல்வது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். அதே தகவலை இப்படிச் சொல்லிப் பார்ப்போம்:

முதல் ஆள்: காலையிலேருந்து அடிக்கிறேன். கல்லு அசையல. கடப்பாரை முனைதான் மழுங்குது.
இரண்டாம் ஆள்: பறங்கி கட்டினதுடா. சும்மாவா?
முதல் ஆள்: பறங்கி கட்டினான். ஒலாந்தாக்காரன் வச்சிருந்தான். இப்ப இங்கிலீசுக்காரன் இடிக்கச் சொல்றான்.
இரண்டாம் ஆள்: யாரு வந்தா என்ன? காப்புக் காய்க்கிறது நம்ம கைதான்.
மேஸ்திரி: அங்க என்ன பேச்சு? கல்லைப் பாரு!

ஆண்டு எண் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஏறத்தாழ முந்நூறு ஆண்டு வரலாறு ஒரே மூச்சில் வந்துவிட்டது. பறங்கி, ஒலாந்தா என்பவை அந்தக் காலத் தமிழர் போர்த்துகீசியரையும் டச்சுக்காரரையும் குறிக்கச் சொன்ன சொற்கள். ‘மேஸ்திரி’ என்பதே போர்த்துகீசிய மொழியிலிருந்து நமக்கு வந்த சொல்தான். மாணவர் படியில் அந்த இடத்தில் ‘கங்காணி’ இருந்தது. கங்காணி பழைய தமிழ்ச் சொல் என்றாலும், நம் நாட்டில் அதைக் கேட்டதும் ரப்பர்த் தோட்டம் கண்முன் வரும். 1807இல் இங்கே ரப்பர்த் தோட்டம் ஏது?

ஆண்டும் காரணமும் கட்டாயம் தெரிய வேண்டும் என்றால் அதற்குக் கதைசொல்லி இருக்கிறார். மேடையின் ஓரத்தில், எழுத்து மேசை முன் வயது முதிர்ந்த அப்துல்லா. நடுமேடையில் சிறுவன் அப்துல்லா. மூலமே அந்த அமைப்பைத்தான் நமக்குத் தருகிறது: எழுதுபவர் ஒருவர், பார்த்தவன் ஒருவன். விளக்கமெல்லாம் முதியவருக்கு. சிறுவன் பார்த்தால் போதும்.

இங்கே ஓர் ஐயம் வரலாம். மலாக்கா மக்களைத் தமிழ் பேச வைப்பது பொருந்துமா? பொருந்தும் என்பதற்கு மூலமே சாட்சி. மலாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலத்து வழக்கம் என்றும், கணக்கு வழக்குக்கும் வணிகருடன் பேசவும் அது தேவைப்பட்டது என்றும், தம் தந்தை தம்மையும் அனுப்பிப் படிக்க வைத்தார் என்றும் அப்துல்லா எழுதுகிறார். ஆகவே கடைத்தெருவிலும் கூட்டத்திலும் தமிழ் ஒலிப்பது நாம் ஒட்டவைத்தது அல்ல. ஆனால் மலாய் பேசியவர்களும் மற்றவர்களும் அங்கே இருந்தார்கள். எல்லாரும் தமிழில் பேசுவது மேடை வசதிக்காக என்பதைக் கதைசொல்லி தொடக்கத்தில் ஒரே வரியில் சொல்லிவிடுவது நேர்மை.

சொல்லும் பொருளும்

மூன்றாவது, காலத்துக்கு ஒவ்வாத பொருள்கள். மாணவர் நாடகத்தின் உச்சக் காட்சியில் மட்டும் இப்படி நான்கு இருக்கின்றன. டைனமைட்டை நோபெல் காப்புரிமை பெற்றது 1867இல். கோட்டை வெடித்து அறுபது ஆண்டுக்குப் பிறகு. மூலம் சொல்வது வெடிமருந்து. உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சி 1820களில்தான் வந்தது. பார்க்குவார் எரியும் திரியோடு வந்தார் என்று மூலம் சொல்வதன் பொருள் இப்போது விளங்கும். 1807இல் பார்க்குவார் கர்னல் அல்லர், கேப்டன். அப்துல்லாவை அப்போது யாரும் ‘முன்ஷி’ என்று அழைத்திருக்க முடியாது. பின்னாளில் கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு மலாய் கற்றுக்கொடுத்தபோது அவர்கள் வைத்த பெயர் அது. ஆசிரியர் என்று பொருள். பத்து வயதுப் பையனை “வாத்தியாரே” என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்?

இவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மாணவர்கள் கேட்பார்கள். வழி எளியது. மூலத்தில் இல்லாத பொருளும் பட்டமும் படியில் வந்தால் அடிக்கோடிடுங்கள். அடிக்கோடிட்டவற்றை மட்டும் அகராதியிலும் கலைக்களஞ்சியத்திலும் பாருங்கள். பத்துச் சொல்லுக்கு மேல் இராது. மூலச் சொல்லையே வைத்துக்கொண்டால் அந்த வேலையும் மிச்சம்.

பேயைக் கேலி செய்யலாமா?

என்னை அதிகம் உறுத்தியது இந்த இடம். மாணவர் நாடகத்தில் கூலியாட்கள் “ஐயோ பேய்!” என்று அலறிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். அவை சிரிக்கிறது. மூலத்தில் அது சிரிப்புக்குரிய இடம் அல்ல. ஆட்கள் உண்மையிலேயே விழுந்தார்கள், செத்தார்கள். பேய் என்பது அந்தச் சாவுக்கு அவர்கள் சொல்லிக்கொண்ட காரணம். நாம் நம்ப வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் நம்பியதை நம்பியபடியே பேச வைக்க வேண்டும்.

முதல் ஆள்: நேத்து விழுந்தவன் எப்படி இருக்கான்?
இரண்டாம் ஆள்: ராத்திரியே போயிட்டான்.
முதல் ஆள்: (கடப்பாரையைக் கீழே வைக்கிறான்) நான் சொன்னேன்ல. உள்ள இருக்கறது நம்மள விடாது.
இரண்டாம் ஆள்: விடுதோ விடலையோ. வீட்ல அரிசி இல்ல. எடு கடப்பாரையை.

சாவு மூலத்தில் உள்ளது. பேய் பயம் மூலத்தில் உள்ளது. அரிசி நம் கற்பனை. ஆனால் அது பயந்த மனிதன் ஏன் வேலைக்கு வந்தான் என்ற கேள்விக்கு விடை சொல்லும் கற்பனை. நல்ல ‘க’ என்பது இப்படி மூலத்தில் உள்ள ஒன்றை விளக்க வேண்டும். புதிதாக ஒன்றைக் கிளப்பக் கூடாது.

மாணவர்கள் எழுதிய அருமையான இடம் என்று சொன்னேனே, அதுவும் இப்படிப்பட்டதுதான். ஆட்களை விலகச் சொல்லும்போது ஒரு கிழவி கோழிக்கூண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். “எல்லாரும் போங்கன்றீங்க. அடைகாக்கிற கோழியை எப்படிய்யா எழுப்புறது?” என்கிறாள். மூலத்தில் கிழவியும் இல்லை, கோழியும் இல்லை. ஆனாலும் நான் ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன். அரசாங்க உத்தரவு ஒரு ஏழை வீட்டு வாசலுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்பதை அந்த ஒரு வரி காட்டுகிறது. அதை எழுதிய மாணவர் யாரோ, அவருக்கு நாடகம் எழுத வருகிறது.

அந்தப் பத்து நிமிடம்

இனி உச்சக் காட்சி. மூலத்தில் நாடகத்துக்கென்றே அமைந்த ஒன்று உண்டு: நெருப்பு வைத்ததற்கும் வெடித்ததற்கும் இடையிலான காத்திருப்பு. மாணவர் படியில் திரியில் நெருப்பு பட்டதுமே ‘டமால்’. காத்திருப்பை மேடையில் அரை நிமிடமாகச் சுருக்கலாம். இல்லாமல் செய்யக் கூடாது.

(குதிரைக் குளம்பொலி. பார்க்குவார் வருகிறார். கையில் புகையும் திரி. காவலனைப் பார்த்துக் கோட்டையின் மேற்புறம் கைகாட்டுகிறார்.)
காவலன்: மேல யாரும் நிக்காதீங்க! இறங்குங்க! தூரமா போங்க!
(பார்க்குவார் குனிந்து நெருப்பு வைக்கிறார். விரைந்து வெளியேறுகிறார். குளம்பொலி தேய்கிறது. அமைதி.)
பெண்: அணைஞ்சிருச்சா?
கிழவர்: சத்தமே காணோமே.
பெண்: பேய் ஊதி அணைச்சிருக்கும்.
(யாரும் சிரிக்கவில்லை. அமைதி. முழக்கம். விளக்கு அணைந்து எரிகிறது.)
ஒருவர்: யானை… யானை அளவு கல்லு பறந்துச்சு.
மற்றவர்: யானையா? வீடுப்பா. ஒரு வீடே பறந்துச்சு.
கிழவர்: கெட்டிக்காரனுங்கதான். (தலையை ஆட்டி) ஆனா, இவ்வளவு அழகா கட்டினத ஒரு நொடியில…

யானையும் வீடும் மூலத்தில் அப்துல்லா சொல்லும் அளவுகள். அவற்றை இருவர் வாயில் பிரித்துப் போட்டதும் வாக்குவாதம் போல ஆகிவிட்டது. பொய் ஒன்றும் சேரவில்லை. வியப்பும் வருத்தமும் ஒரே மனிதனிடம் சேர்ந்து வருவதும் மூலத்தில் உள்ளதே. மாணவர் நாடகம் வியப்பை வெட்டிவிட்டு, வருத்தத்தை மட்டும் கோபமாக மாற்றிவிட்டது. ஆங்கிலேயரின் திறமையை மெச்சுவது இன்றைய நமக்குக் கூச்சமாக இருக்கலாம். அதற்காக அன்று மெச்சியவர்களின் வாயை அடைக்க நமக்கு உரிமை இல்லை.

கோட்டை போன பிறகு மலாக்கா, கணவனை இழந்தவளின் முகம்போல் களை இழந்தது என்ற கருத்தில் அப்துல்லா ஓர் உவமை சொல்கிறார். இதை யார் சொல்வது? சிறுவன் சொன்னால் பொருந்தாது. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த உவமை வராது. கூட்டத்தில் ஒருவர் சொன்னாலும் பொருந்தாது. வெடித்த அன்றே ஊர் களை இழந்தது தெரிந்திருக்காது. ஆண்டுகள் கழித்து எழுதும் முதியவர்தான் சொல்ல முடியும். அவர் சொல்லட்டும். சிறுவன் புகையைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும்.

படி முடிந்ததும் ஒரு சோதனை வையுங்கள். நாடகத்தில் பங்கெடுக்காத மாணவர் ஒருவரிடம் படியையும் மூலத்தையும் கொடுத்து, ‘மூ’, ‘ஊ’, ‘க’ மூன்றையும் அவரையே போடச் சொல்லுங்கள். எழுதியவர் போட்டதும் அவர் போட்டதும் எங்கே மாறுகிறதோ, அங்கே உட்கார்ந்து பேசுங்கள். எழுதியவர் ‘ஊ’ என்றதை மற்றவர் ‘க’ என்றால், பெரும்பாலும் மற்றவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

மலாக்காவுக்குப் பள்ளிச் சுற்றுலா போனால் இன்றும் அந்தக் கோட்டையின் ஒரு வாசல் நிற்பதைப் பார்க்கலாம். அங்கே நின்று படம் எடுக்கும் பிள்ளைகளிடம், இதை இடித்தபோது பக்கத்தில் நின்றவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மானத்தைப் பற்றிய முழக்கம்தான் முதலில் வரும். கொஞ்சம் பொறுத்திருந்தால், யாராவது ஒரு பிள்ளை கோழியைப் பற்றிக் கேட்கும்.